வலிப்பு நோயாளிக்கு டிரைவிங் லைசென்ஸ்: படிவத்தில் டாக்டர் எழுத வேண்டியது என்ன?

டிரைவிங் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கிற எல்லோரும் ‘படிவம் 1’ என்ற தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள். அதை முழுக்கப் படித்துவிட்டுப் போடுகிறவர்கள் குறைவு. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் கீழ் வரும் இந்தப் படிவம், விண்ணப்பதாரர் தன் உடல்நிலையைப் பற்றித் தானே கொடுக்கும் உறுதிமொழி. அதில் முதலில் நிற்கும் கேள்வியே வலிப்பு நோய் பற்றியதுதான். வலிப்போ, எந்தக் காரணத்தாலாவது திடீரென்று நினைவு தப்புவதோ, தலைசுற்றலோ உங்களுக்கு உண்டா என்று கேட்கிறது. பல நேரங்களில் டிரைவிங் ஸ்கூலில் இருப்பவரே வரிசையாகப் பதில்களை நிரப்பிவிட்டு, “இங்க ஒரு கையெழுத்து போடுங்க சார்” என்று நீட்டிவிடுவார். வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் அந்த இடத்தில் ஒரு நொடி தயங்குவார். பிறகு அவரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

நாற்பது வயதைக் கடந்தவர்களும், எந்த வயதானாலும் வாடகை, சரக்கு வண்டி ஓட்ட விரும்புகிறவர்களும் இன்னொரு தாளையும் கொடுக்க வேண்டும். அது ‘படிவம் 1ஏ’, அதாவது மருத்துவச் சான்றிதழ். அதைப் பதிவு பெற்ற மருத்துவர் நிரப்ப வேண்டும். கண் பார்வை, சிவப்பு பச்சை வித்தியாசம், 25 மீட்டர் தூரத்திலிருந்து நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, காது, மாலைக்கண், கை கால் என்று கேள்விகள் போகின்றன. வலிப்பு நோயைப் பெயர் சொல்லிக் கேட்கும் கேள்வி அதில் இல்லை. ஆனால் விண்ணப்பதாரரின் படிவம் 1 உறுதிமொழி இதனுடன் இணைக்கப்பட்டிருக்கிறது என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். கடைசியில் ஒரு வரி வருகிறது. இவரை நேரில் பரிசோதித்தேன், என் அறிவுக்கு எட்டியவரை இவர் லைசென்ஸ் வைத்திருக்க மருத்துவ ரீதியாகத் தகுதி உள்ளவர் அல்லது தகுதி இல்லாதவர். இரண்டில் ஒன்றை டாக்டர் அடிக்க வேண்டும். தகுதி இல்லை என்றால் காரணம் எழுத இடம் விட்டிருக்கிறார்கள். தகுதி உண்டு, ஆனால் சில நிபந்தனைகளோடு என்று எழுத இடம் விடவில்லை.

கட்டுக்குள் இருக்கும் வலிப்பு நோயாளி, இடம் விடப்படாத அந்த நடுப்பகுதியில்தான் நிற்கிறார்.

சட்டம் என்ன கேட்கிறது என்று பார்த்தால் டாக்டரின் வேலை கொஞ்சம் தெளிவாகும். 1939-ஆம் ஆண்டின் பழைய மோட்டார் வாகனச் சட்டத்தில், லைசென்ஸுக்கு முழுத் தடையாகும் நோய்களின் பட்டியல் ஒன்று இருந்தது. வலிப்பு அதில் இடம்பெற்றிருந்தது. இப்போது நடைமுறையில் இருக்கும் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8(4) பிரிவு வேறு மாதிரி பேசுகிறது. விண்ணப்பதாரரின் நோயோ குறைபாடோ, அவர் கேட்கும் வகை வண்டியை அவர் ஓட்டினால் பொதுமக்களுக்கோ பயணிகளுக்கோ ஆபத்தாக முடியக்கூடியது என்று தெரிந்தால் மறுக்க வேண்டும் என்கிறது. நோயின் பெயர் மட்டும் இங்கே போதாது, ஆபத்து எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். அதையும் ‘அவர் கேட்கும் வகை வண்டி’க்கு என்று பார்க்க வேண்டும். படிவம் 1-இன் அடிக்குறிப்பும் இதற்கு ஒத்துப்போகிறது. வலிப்புக் கேள்விக்கு ‘ஆம்’ என்பவர் முழு விவரத்தையும் சேர்த்து எழுத வேண்டும், மேற்கொண்டு தகவல் கேட்கப்படலாம் என்றுதான் அதில் இருக்கிறது. ‘ஆம்’ என்றால் விண்ணப்பத்தைத் தூக்கிப் போடு என்று அங்கே எழுதவில்லை.

ஆனால் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. கடைசி வலிப்பு வந்து எவ்வளவு காலம் ஆகியிருந்தால் ஓட்டலாம் என்பதை நம் சட்டம் சொல்லவில்லை. பிரிட்டனில் கார், பைக்குக்குப் பொதுவாக 12 மாதம் என்று வரையறுத்திருக்கிறார்கள். ஜப்பானில் இரண்டு வருடம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நம் டாக்டருக்கு அப்படிப் பிடித்துக்கொள்ள ஓர் எண் கிடையாது. அதனால் சிலர் வலிப்பு என்று கேட்டதுமே ‘தகுதி இல்லை’ என்று அடித்துவிடுகிறார்கள். வேறு சிலர் எதையும் கேட்காமலே ‘தகுதி’ என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இரண்டும் டாக்டருக்குச் சிரமமில்லாத வழி, அவ்வளவுதான்.

ஒரு கற்பனை நோயாளியை வைத்து இதை முழுசாகப் பார்க்கலாம். வயது 42, சொந்தமாக ஹார்டுவேர் கடை. 2005 ஜூனில், 22 வயதில், பைக்குக்கும் காருக்கும் லைசென்ஸ் எடுத்தவர். அன்றைய விதிப்படி 20 வருடம் செல்லும். 2025 ஜூனில் புதுப்பிக்க வேண்டும். நாற்பது தாண்டிவிட்டதால் படிவம் 1ஏ கட்டாயம். இடையில் 2019-இல் அவருக்கு முதல் வலிப்பு வந்தது. ஒரு மாதத்துக்குள் இரண்டாவது. ஸ்கேனில் மூளையில் ஒரு சிறு சுண்ணாம்புப் புள்ளி தெரிந்தது. நாடாப்புழுவின் முட்டை உடலுக்குள் போய், அதன் புழுப்பருவம் மூளையில் தங்கி, செத்து, தழும்பாகிப்போன இடம் அது. நம் நாட்டில் வலிப்புக்கு அடிக்கடி காரணமாகும் ஒன்றுதான். லெவெடிராசிட்டம் 500 மில்லிகிராம் மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று. மூன்று வருடத்துக்கும் மேல் எதுவும் வரவில்லை. 2023 மார்ச்சில் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போனவர் மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டார். மூன்றாவது நாள் காலையில் வலிப்பு வந்தது. அதற்குப் பிறகு இல்லை.

இவரை நரம்பியல் டாக்டர் பரிசோதித்தால் கை, கால், பேச்சு, நினைவு எல்லாமே சரியாக இருக்கும். வலிப்பு வராத நேரத்தில் பெரும்பாலான வலிப்பு நோயாளிகள் எல்லோரையும் போலத்தான் இருப்பார்கள். அதனால் ‘நரம்பு மண்டலப் பரிசோதனை இயல்பு’ என்று சான்றிதழில் எழுதுவது பொய்யில்லை, ஆனால் அதனால் பெரிய பயனும் இல்லை. மூளை அலைகளைப் பதியும் ஈஈஜியும் அப்படித்தான். அரை மணி நேரப் பதிவு சுத்தமாக இருந்தால், அந்த அரை மணி நேரம் சுத்தமாக இருந்தது என்றுதான் அர்த்தம். ஓட்டலாமா கூடாதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அவர் சொல்லும் கதை. அதைக் கேட்டு வாங்குவதில்தான் டாக்டரின் திறமை இருக்கிறது.

“கடைசியா எப்ப ஃபிட்ஸ் வந்துச்சு?” என்று மட்டும் கேட்டால், கீழே விழுந்து, கை கால் இழுத்து, வாயில் நுரை தள்ளியதை மட்டுமே நோயாளி சொல்வார். வலிப்பு என்றால் அவருக்கு அதுதான். பேசிக்கொண்டிருக்கும்போது பத்து நொடி வெறித்துப் பார்த்துவிட்டு, ‘என்ன கேட்டீங்க?’ என்று திரும்புவதை அவர் கணக்கில் எடுக்க மாட்டார். அது நடந்தது அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். காலையில் பல் துலக்கும்போது கை வெட்டி இழுத்து பிரஷ் எகிறிப்போவதைத் தூக்கக் கலக்கம் என்பார். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் பத்து நொடியில் 160 மீட்டருக்கு மேல் ஓடிவிடும்.

ஆகவே மனைவியையோ கூட இருப்பவரையோ தனியாகக் கேட்க வேண்டும். நம் கதையில் மனைவி வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “ராத்திரி தூக்கத்துல ஏதாவது சத்தம் போடுறாராம்மா? காலைல எந்திரிச்சா நாக்கு கடிபட்டிருக்கா? தலகாணி ஈரமா இருக்கா? உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குன்னு சொல்றாரா?” இதில் ஒன்றுக்கு அவர் தலையாட்டினாலும் சான்றிதழை அன்றைக்கு எழுதக் கூடாது. தூக்கத்தில் மட்டும் வரும் வலிப்பாகவும் இருக்கலாம், கட்டுக்குள் இல்லாத நோயாகவும் இருக்கலாம். விசாரித்து முடிக்கும்வரை பேனாவை மூடி வைக்க வேண்டியதுதான். மாத்திரை வாங்கிய பில்லைப் பார்ப்பதும் நல்லது. ஒரு நாளைக்கு இரண்டு என்றால் மாதத்துக்கு அறுபது. மூன்று மாதத்தில் நூறு மாத்திரைதான் வாங்கியிருக்கிறார் என்றால் ‘கட்டுக்குள்’ என்ற சொல் அங்கேயே ஆட்டம் காண்கிறது. குடிப்பழக்கம், இரவு கண் விழிக்கும் வேலை, மாத்திரையால் வரும் பகல் தூக்கம் ஆகியவற்றையும் கேட்டாக வேண்டும்.

2023 மார்ச் வலிப்பை என்ன செய்வது? மாத்திரை விட்டதால்தானே வந்தது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமே என்று நோயாளி கேட்பார். நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் மூன்று நாள் மாத்திரை விட்டால் இவருக்கு வலிப்பு வரும் என்பதுதான் அந்தச் சம்பவம் சொல்லும் செய்தி. அதை மறைத்துவிட்டு 2019-லிருந்து கணக்குப் போட்டால் ஆறு வருடம் என்று பெரிதாகத் தெரியும். உண்மையான கணக்கு 27 மாதம். சான்றிதழில் அந்த 27 மாதம்தான் இருக்க வேண்டும், காரணமும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இப்போது எழுத்துக்கு வருவோம். இங்கே இரண்டு டாக்டர்கள் சம்பந்தப்படுகிறார்கள். படிவம் 1ஏ-வில் கையெழுத்திடுபவர் பெரும்பாலும் பொது மருத்துவர். அவர் இந்த நோயாளியை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். வருடக்கணக்காகச் சிகிச்சை தருபவர் வேறொருவர். முதலாமவர் தனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதத் தேவையில்லை. சிகிச்சை தரும் டாக்டரிடமிருந்து தனிக் கடிதம் வாங்கி வரச் சொல்லி, அதைப் படித்து, தானும் விசாரித்து, படிவத்தில் ‘இணைப்பைப் பார்க்க’ என்று எழுதி, கடிதத்தின் தேதியையும் குறிப்பிட்டுக் கையெழுத்துப் போடுவதே சரியான முறை. அந்தக் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

“இவர் 2019 முதல் வலிப்பு நோய்க்கு என்னிடம் சிகிச்சை பெற்றுவருகிறார். நினைவு தப்பும் வகை வலிப்பு இதுவரை மூன்று முறை வந்துள்ளது. கடைசியாக வந்தது 2023 மார்ச்சில், மூன்று நாள் மாத்திரை எடுக்காதபோது. அதன்பின் இன்றுவரை, அதாவது 27 மாதங்களாக, விழிப்பிலோ உறக்கத்திலோ எந்த வகை வலிப்பும் இல்லை என்று அவரும் அவருடைய மனைவியும் தெரிவிக்கின்றனர். என் பதிவேடும் அதற்கு ஒத்திருக்கிறது. மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறார். அதனால் தூக்கக் கலக்கமோ தடுமாற்றமோ இல்லை. வலிப்பு இல்லாமல் எத்தனை மாதம் இருக்க வேண்டும் என்று இந்தியச் சட்டம் வரையறுக்காததால், பல நாடுகள் தனிநபர் வாகனத்துக்குப் பின்பற்றும் 12 மாத அளவை வைத்து இந்தக் கருத்தைச் சொல்கிறேன். சொந்த உபயோகத்துக்கான பைக், கார் ஓட்ட இவர் இன்றைய நிலையில் மருத்துவ ரீதியாகத் தகுதி உள்ளவர் என்று கருதுகிறேன். பயணிகள் வண்டி, சரக்கு வண்டி ஓட்ட இந்தக் கருத்து பொருந்தாது. ஒரு வருடத்துக்குள் மறுபரிசோதனை தேவை. வலிப்பு வந்தாலோ, மருந்து மாற்றப்பட்டாலோ, நிறுத்தப்பட்டாலோ இந்தச் சான்று செல்லாது. உடனே ஓட்டுவதை நிறுத்த வேண்டும் என்று அவரிடம் விளக்கியுள்ளேன்.”

கீழே தேதி, பெயர், பதிவு எண், முத்திரை. நோயாளியும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

இந்தக் கடிதத்தில் எது இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ‘குணமாகிவிட்டது’ என்ற சொல் இல்லை. வலிப்பு நோய்க்கான சர்வதேச அமைப்பு 2014-இல் கொடுத்த வரையறைப்படி, நோய் தீர்ந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்ல பத்து வருடம் வலிப்பு இல்லாமல் இருக்க வேண்டும். அதில் கடைசி ஐந்து வருடம் மருந்தும் இல்லாமல் இருக்க வேண்டும். நம் ஹார்டுவேர் கடைக்காரர் அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. ‘இனி வராது’ என்ற வாக்குறுதியும் கடிதத்தில் இல்லை, எந்த டாக்டராலும் அதைக் கொடுக்க முடியாது. நாடாப்புழுத் தழும்பும் ஸ்கேன் விவரமும் இல்லை. ஆர்டிஓ அலுவலகத்துக்கு ஆபத்தைக் கணிக்கத் தேவையானது மட்டும் போனால் போதும். அந்தரங்கத்தில் மிச்சமெல்லாம் நோயாளியின் கோப்பிலேயே இருக்கட்டும். கடிதத்தை நோயாளியின் கையில்தான் கொடுக்க வேண்டும். அதைச் சேர்ப்பதா, விண்ணப்பத்தையே கைவிடுவதா என்பது அவர் முடிவு.

‘அவரும் மனைவியும் தெரிவிக்கின்றனர்’ என்ற சொற்கள் டாக்டர் தப்பித்துக்கொள்ளும் வழி போலத் தெரியலாம். அப்படி இல்லை. தான் கண்டது எது, கேட்டது எது என்று பிரித்துச் சொல்வதுதான் நேர்மையான சான்று. நாளைக்கு அவர்கள் சொன்னது பொய் என்று தெரிந்தால் பொறுப்பு யாருடையது என்பதும் அதிலேயே இருக்கிறது.

சரக்கு வண்டியைத் தனியாகக் குறிப்பிட ஒரு வலுவான காரணம் உண்டு. கடைக்காரரிடம் சிமெண்ட் மூட்டை ஏற்றும் குட்டி யானை ஒன்று இருக்கிறது. டிரைவர் லீவு போட்டால் அவரே எடுத்துவிடுவார். இலகு ரக வண்டிக்கான லைசென்ஸ் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு, வாடகை வண்டியைத் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே ‘கார் ஓட்டத் தகுதி’ என்று டாக்டர் மொட்டையாக எழுதினால், சட்டப்படி ஆட்டோவும் குட்டி யானையும் சேர்ந்தே வந்துவிடும். எழுதும் டாக்டர்களில் பலர் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. சொந்த உபயோகம் என்று எழுதினாலும் லைசென்ஸ் அட்டையில் அது ஏறாமல் போகலாம். ஆனாலும் அந்த வரி நோயாளிக்கான அறிவுரையாகவும், டாக்டரின் கருத்து எதுவரை போகிறது என்பதற்குச் சான்றாகவும் நிற்கும்.

காருக்குச் சரி என்றவருக்கு லாரி ஏன் கூடாது? பிரிட்டனில் கார் ஓட்டுபவருக்கு அடுத்த ஒரு வருடத்தில் வலிப்பு வரும் வாய்ப்பு நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இருந்தால் ஏற்கிறார்கள். லாரி, பஸ் ஓட்டுபவருக்கு அது நூற்றுக்கு இரண்டு. பத்து மடங்கு கெடுபிடி. வண்டியின் எடையும், ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருக்கும் நேரமும், பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆட்களும் அதற்குக் காரணம். நடைமுறையில் அங்கே வலிப்பு நோய் இருந்தவர் லாரி ஓட்ட வேண்டுமானால், மருந்தே இல்லாமல் பத்து வருடம் வலிப்பு வராமல் இருந்திருக்க வேண்டும். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்தக் கதவு மூடியதுதான். நம் ஊரில் பஸ், லாரி, பள்ளி வேன் டிரைவர்களுக்கும் இதே அளவை டாக்டர்கள் கடைப்பிடிப்பதில் தவறில்லை. ஒருவருடைய பிழைப்பே போகும் என்பது உண்மை. அதற்கு வேறு வேலை தேடித் தருவதுதான் வழி, சான்றிதழை வளைப்பது வழியில்லை.

அடுத்தது காலம். 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி 30 முதல் 50 வயதுக்குள் இருப்பவருக்கு லைசென்ஸ் பத்து வருடத்துக்குக் கிடைக்கும். ஒரு நாள் காலையில் ஒரு டாக்டர் கண்டதை வைத்து 2035 வரை ஓட்டும் அனுமதி. பிரிட்டனில் இதற்காகவே குறுகிய கால லைசென்ஸ் தருகிறார்கள். இங்கே அப்படி ஒரு வழக்கம் இல்லை. ஆனால் சட்டத்தின் 16-ஆவது பிரிவு ஒரு கருவியைக் கொடுத்திருக்கிறது. லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு நோய் இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், லைசென்ஸை ரத்து செய்யலாம், அல்லது தொடர்ந்து வைத்திருக்க மருத்துவச் சான்று கேட்கலாம். ‘ஒரு வருடத்துக்குள் மறுபரிசோதனை’ என்று டாக்டர் எழுதினால்தான் அதிகாரிக்கு அந்தப் பிரிவைப் பற்றி யோசிக்கவே தோன்றும்.

அந்த ஒரு வருடத்துக்குள்தான் பெரிய திருப்பமும் வரக்கூடும். இரண்டு வருடத்துக்கு மேல் வலிப்பு இல்லை என்றால், மாத்திரையை நிறுத்தலாமா என்று நோயாளியும் டாக்டரும் பேச ஆரம்பிக்கும் காலமும் அதுவே. 27 மாதம் என்று ஓட்டத் தகுதி தரும் அதே எண், மருந்தைக் குறைக்கலாமா என்ற யோசனையையும் கிளப்புகிறது. பிரிட்டனில் ஆயிரம் பேருக்கு மேல் சேர்த்து நடத்தி 1991-இல் வெளியான ஆய்வு இதில் முக்கியமானது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு 78 பேர் இரண்டு வருடம் வலிப்பு இல்லாமல் இருந்தார்கள். மெதுவாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 59 பேர்தான். அதனால் பிரிட்டனில் மருந்தைக் குறைக்கும் காலத்திலும், நிறுத்திய பிறகு ஆறு மாதமும் ஓட்ட வேண்டாம் என்று அறிவுரை சொல்கிறார்கள். கடையை நம்பி வாழ்கிறவருக்கு இது சாதாரண முடிவில்லை. மாத்திரை வேண்டுமா, கார் சாவி வேண்டுமா என்று அவரை உட்கார வைத்துப் பேச வேண்டியிருக்கும். கடிதத்தில் ‘மருந்து மாற்றப்பட்டாலோ, நிறுத்தப்பட்டாலோ’ என்ற வரி இருப்பது இதற்காகத்தான்.

இவ்வளவு எழுதினால் ஆர்டிஓ அலுவலகத்தில் மறுத்துவிடுவார்களே, பேசாமல் ‘வலிப்பு இல்லை’ என்று எழுதிக் கொடுங்களேன் என்று கேட்கும் நோயாளிகள் உண்டு. இளகிய மனதுள்ள டாக்டர்கள் எழுதிக் கொடுத்ததும் உண்டு. ஜப்பானில் கனுமா என்ற ஊரில் 2011 ஏப்ரல் 18-ஆம் தேதி காலை, கிரேன் வண்டி ஒன்று பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் மீது பாய்ந்தது. ஆறு குழந்தைகள் இறந்தார்கள். டிரைவருக்கு வலிப்பு நோய் இருந்தது. லைசென்ஸ் வாங்கும்போது அதை மறைத்திருந்தார், மருந்தையும் ஒழுங்காக எடுக்கவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். 2013-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. உடல்நலக் கேள்வித்தாளில் பொய் சொன்னால் ஒரு வருடம்வரை சிறை, அல்லது மூன்று லட்சம் யென்வரை அபராதம். ஆபத்தான நோயாளி ஓட்டுகிறார் என்று தெரிந்தால் டாக்டர் தானாகவே தகவல் கொடுக்கலாம் என்றும் வழி செய்தார்கள்.

அந்தச் சம்பவத்தைவிட இங்கே கவனிக்க வேண்டியது அவர்களுடைய மருத்துவச் சான்றின் அமைப்பு. நம் படிவம்போல் தகுதி, தகுதியின்மை என்று இரண்டு சொல்லோடு அது நிற்பதில்லை. ஐந்து வருடமாக வலிப்பு இல்லை, இனியும் வர வாய்ப்பில்லை என்பது ஒரு நிலை. இரண்டு வருடமாக இல்லை, இன்னும் இத்தனை வருடத்துக்கு வர வாய்ப்பில்லை என்பது இன்னொன்று. உறக்கத்தில் மட்டும் வருகிறது என்பது வேறொன்று. டாக்டர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வருடக் கணக்கையும் குறிக்கிறார். நம் படிவம் 1ஏ-விலும் வலிப்புக்கென்று நாலு வரி சேர்த்து, கடைசி வலிப்பின் தேதி, வண்டி வகை, மறுபரிசோதனை நாள் என்று கேட்டால், தனிக் கடிதத்தின் தேவையே பாதி குறைந்துவிடும். திருத்த வேண்டியது விதிகளில் ஒரு படிவம். அதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, மத்திய அரசின் அறிவிப்பு போதும்.

பொய்ச் சான்று எழுதும் டாக்டருக்கும் நம் நாட்டில் பாதுகாப்பு இல்லை. 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ கவுன்சில் நடத்தை விதிகள், பொய்யான, தவறாக வழிநடத்தும் சான்றிதழைத் தொழில்முறைத் தவறு என்கின்றன. பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். கொடுக்கும் ஒவ்வொரு சான்றுக்கும் பதிவேடு வைத்து, நகல் எடுத்து வைக்கவும் அதே விதிகள் சொல்கின்றன. நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்லும் அவைதான், குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான, தெளிவாகத் தெரியும் ஆபத்து இருந்தால் வெளியே சொல்லலாம் என்றும் விதிவிலக்கு தருகின்றன. போன வாரம் வலிப்பு வந்தும் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டே இருப்பேன் என்பவர் விஷயத்தில் அந்த விதிவிலக்கு பொருந்தும். ஆனால் நேரே புகார் எழுதக் கூடாது. முதலில் அவரிடமும் குடும்பத்திடமும் பேசி, ஓட்டக் கூடாது என்று எழுத்தில் கொடுத்து, அதைக் கேஸ் தாளில் பதிந்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

வலிப்பு நோய் இருப்பவர்கள் செய்ய வேண்டியது இது. படிவம் 1-இல் உண்மையான பதிலை எழுதுங்கள். டிரைவிங் ஸ்கூல்காரர் நிரப்பிய தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். சிகிச்சை தரும் டாக்டரின் கடிதத்தைச் சேர்த்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தை மறுத்தால், கவுண்டரில் வாயால் சொல்வதை ஏற்க வேண்டாம். காரணத்தோடு எழுத்துப்பூர்வமான உத்தரவு தர வேண்டும் என்பது சட்டத்தின் 17-ஆவது பிரிவு. அந்த உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.